ரெண்டு கிலோ டம்பெல் பிறந்த கதை

ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் குந்தாரப்பள்ளியை வெள்ளிக்கிழமை கடப்பவர்களுக்கு ஆட்டுச் சந்தைதான் கண்ணில் படும். மற்ற நாட்களில் கம்பெனி பஸ்கள். குருபரப்பள்ளி சிப்காட் வந்த பிறகு இந்தப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்கள் பெருகினார்கள். அவர்களை நம்பி, சாலையோர மாடிகளில் ஜிம்களும் முளைத்தன. உள்ளே போனால் பெண்களுக்கென்று ஒரு மூலை இருக்கும். அங்கே ஒரு கிலோ, ரெண்டு கிலோ டம்பெல்கள், பெரும்பாலும் ரோஸ் நிறத்தில். மாஸ்டர் சொல்வதும் எல்லா இடத்திலும் ஒன்றேதான்: “அக்கா, நீங்க வெயிட் ஏத்தாதீங்க, ஆம்பள மாதிரி ஆயிடுவீங்க. ரெண்டு கிலோவே எடுங்க, பதினஞ்சு பதினஞ்சா மூணு செட் போடுங்க. பாடி டோன் ஆகும், சைஸ் ஏறாது.”

அதே ஊரில் வீட்டுக்கு வந்ததும் அந்த அக்கா குழாயடியிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் தூக்கி வருவார். நிறைந்த குடம் 15 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கியதால் இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் பயில்வானாகவில்லை. ஆனாலும் மாஸ்டரின் பேச்சை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. அந்தப் பேச்சுக்கு வயது 160 ஆண்டுக்கு மேல் என்பதும், நடுவே அது ஒரு முறை தலைகீழாகப் புரண்டது என்பதும் அவருக்கும் தெரியாது.

தொடக்கம் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில். ஜார்ஜ் பார்க்கர் விண்ட்ஷிப் என்றொரு டாக்டர். ஹார்வர்டில் படித்தபோது உருவத்தில் சிறியவராக இருந்ததால் சீண்டலுக்கு ஆளானவர். அந்த ரோஷத்தில் எடை தூக்கத் தொடங்கினார். தோளில் பட்டை மாட்டி, மேடையில் நின்று, 2,000 பவுண்டுக்கு மேல் தரையிலிருந்து சற்றே எழுப்பிக் காட்டுவார். உடல் வலுதான் ஆரோக்கியம் என்பது அவர் பிரசங்கம். அதே ஊர்ப் பக்கத்தில் டியோ லூயிஸ் என்ற இன்னொருவர். மதுவிலக்கு பேசுபவர், பெண்களுக்கு உடற்பயிற்சி வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர். கனமான எடை உடலை இறுக்கி மந்தமாக்கிவிடும், லேசான மர டம்பெல்லை வேகமாகப் பலமுறை சுழற்றினால்தான் உடல் சுறுசுறுப்பாக இருக்கும் என்றார் அவர். 1862இல் ‘அட்லாண்டிக்’ மாத இதழில் இருவருமே தங்கள் கட்சியை எழுதினார்கள்.

விவாதத்தைத் தீர்த்தது எந்த ஆராய்ச்சியும் இல்லை, ஒரு சாவு. 1876இல், 42 வயதில், விண்ட்ஷிப் பக்கவாதத்தால் இறந்துபோனார். எடை தூக்கித்தான் செத்தார் என்று ஊர் முடிவு கட்டியது. லேசான மர டம்பெல் ஜெயித்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கனம் தூக்கினால் பெண் ஆணாகிவிடுவாள் என்ற பயம் லூயிஸின் வாதத்தில் மையமாக இல்லை. அவர் அஞ்சியது விறைப்புக்கு.

இனி தலைகீழ்ப் புரட்டல். யூஜின் சாண்டோ, ஐரோப்பாவின் புகழ்பெற்ற பலசாலி. 1897இல் ‘வலிமையும் அதைப் பெறும் வழியும்’ என்ற பொருளில் ஒரு புத்தகம் போட்டார். சில பவுண்டு டம்பெல்லை எடுத்துக்கொண்டு, வயதுக்கேற்ற அட்டவணைப்படி பலமுறை செய்து, நாளாக நாளாக எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனால் போதும் என்பது அதன் சாரம். பிறகு நடுவே ஸ்பிரிங் வைத்த கைப்பிடி டம்பெல் ஒன்றையும் விற்றார்; இரண்டு பாதியையும் அழுத்திப் பிடித்தபடியே பயிற்சி செய்ய வேண்டும். லேசான எடையை அதிக முறை தூக்கினால் தசை *பெருக்கும்* என்பதுதான் அவர் தந்த வாக்கு. இன்றைய மாஸ்டர் சொல்வதற்கு நேர் எதிர். சாண்டோ தன் உடம்பைக் கட்டியது பேராசிரியர் அட்டிலா என்ற குருவிடம், கன எடைகளால். ஆனால் தபாலில் அனுப்பவும் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளவும் வசதியானது லேசான டம்பெல்தானே. வியாபாரத்துக்கு எது ஒத்துவந்ததோ அது விஞ்ஞானமாகப் பேசப்பட்டது.

1904–05இல் சாண்டோ இந்தியாவுக்கும் வந்தார். அந்த அலையில் வளர்ந்தவர்களில் ஒருவர் ஓசூருக்கு அடுத்த வீடு போன்ற பெங்களூரில் இருந்தார்: கே.வி. ஐயர். ‘ஹெர்குலிஸ்’ என்ற உடற்பயிற்சிக் கூடம் நடத்தியவர், 1930இல் ‘மஸில் கல்ட்’ என்ற ஆங்கிலப் புத்தகம் எழுதியவர், கன்னட நாவலாசிரியரும்கூட. சூரிய நமஸ்காரத்தையும் எடைப் பயிற்சியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார், தபாலிலும் பாடம் அனுப்பினார். இதற்கெல்லாம் முன்பே நம் தாலிம்களில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக் கட்டையும் இருந்தன. அவையும் சொந்த உடல் எடையையோ ஒரு கட்டையையோ வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் செய்பவைதான். அப்படிச் செய்த மல்லர்கள் யாரும் மெலிந்து ‘டோன்’ ஆகவில்லை. தொடையும் தோளும் திரண்டுதான் நின்றார்கள். நிறைய முறை செய்தால் சைஸ் ஏறாது என்பதை அவர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அப்படியானால் நிறைய முறை என்பது எப்போது சைஸுக்கு விரோதியானது? இரண்டாம் உலகப்போரின் கடைசியில், சிகாகோவின் ஒரு ராணுவ மருத்துவமனையில். தாமஸ் டிலோர்ம் என்ற இளம் டாக்டர் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, எடை தூக்கித் தேறியவர். முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள் மாதக்கணக்கில் குணமாகாமல் வார்டை நிரப்பியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை, லேசான அசைவைப் பலமுறை செய்யச் சொல்வது. டிலோர்ம் அதை விட்டுவிட்டு, காலில் இரும்புச் செருப்பு கட்டி, பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத எடையைத் தூக்கவைத்தார். தொடைகள் மளமளவெனத் தேறின. 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விதியும் எழுதினார்: கன எடை, குறைந்த எண்ணிக்கை என்றால் வலிமை; லேசான எடை, அதிக எண்ணிக்கை என்றால் தாங்கும் திறன்; ஒன்று தருவதை மற்றது தராது.

வலிமைக்கு அது பெருமளவு சரி. ஆனால் அந்த விதி வெளியே போனபோது ‘வலிமை’ இருந்த இடத்தில் ‘சைஸ்’ உட்கார்ந்துகொண்டது. மேலைநாட்டு நகரங்களில் பெண்களுக்கான ஸ்லிம்மிங் நிலையங்கள் பெருகிய காலம் அது. இடுப்பில் மாட்டி அதிரவிடும் பெல்ட்டெல்லாம் அங்கே விற்றன. தசை ஏறாது, ஆனால் உடம்பு இறுகும் என்று சொல்லத்தக்க ஒரு பயிற்சி அவர்களுக்குத் தேவைப்பட்டது. டிலோர்மின் விதியில் பாதியை எடுத்தால் அது கிடைத்துவிடும். 1982இல் நடிகை ஜேன் ஃபாண்டாவின் வீடியோ கேசட் வந்தது. எடையே இல்லாமல் காலைப் பக்கவாட்டில் பலமுறை தூக்கி, எரியுதா எரியுதா என்று உற்சாகப்படுத்தும் பயிற்சி வீடு வீடாகப் போனது. தசையின் எரிச்சலைக் கொழுப்பு கரைவதாக நினைக்கும் பழக்கமும் கூடவே பரவியது.

இனி சோதனைக்கு வருவோம். இந்தக் கூற்றுக்குள் இரண்டு வாக்குறுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: லேசான எடையால் தசை வளராது என்பது ஒன்று, பயிற்சி செய்யும் இடத்தில் கொழுப்பு கரைந்து உடம்பு இறுகும் என்பது இன்னொன்று. தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவதற்குச் சாதகமான சாட்சியும் இருந்தது. 2002இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில், பயிற்சி இல்லாத ஆண்கள் 8 வாரம் கால் பயிற்சி செய்தார்கள். 3–5 முறை, 9–11 முறை செய்தவர்களின் தசை நார்கள் பருத்தன; 20–28 முறை செய்தவர்களுக்குப் பருக்கவில்லை. இதைக் காட்டித்தான் அந்தப் பத்தாண்டு முழுக்க வாதாடினார்கள்.

பிறகு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஃபிலிப்ஸின் குழு, கேள்வியையே மாற்றிப்போட்டது. எடை லேசா கனமா என்று மட்டும் பார்க்காமல், தசை களைத்துப்போகும் வரை செய்தார்களா என்று பார்த்தது. 2010இல் வெளிவந்த அவர்கள் ஆய்வு மாஸ்டருக்காகவே செய்ததுபோல இருக்கும். ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயிற்சிக்கு 90 எடை. சுமார் 5 முறையில் முடியாமல் நின்றுவிடும். இன்னொரு பயிற்சிக்கு 30 எடை, ஆனால் சுமார் 14 முறையோடு நிறுத்தம். மொத்த வேலை கன எடைக்குச் சமமாக இருக்கும்படி கணக்கிட்டது. மூன்றாவதற்கு அதே 30 எடை, இனி ஒரு முறைகூட முடியாது என்னும் வரை. சுமார் 24 முறை வந்தது. பிறகு தொடையில் ஊசி குத்தி எடுத்த துணுக்குத் தசையில் புதுப் புரதம் எவ்வளவு உருவாகிறது என்று அளந்தார்கள். 24 வரை போன லேசான எடை, கன எடைக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. 14இல் நின்ற லேசான எடை பின்தங்கிவிட்டது.

எடை ஒன்றே, பத்து முறைதான் வித்தியாசம். காரணம், லேசான வேலைக்குத் தசை தன் நார்களில் சிறியவற்றை மட்டும்தான் முதலில் கூப்பிடும். அவை களைக்கக் களைக்கத்தான், நன்றாகப் பருக்கக்கூடிய பெரிய நார்கள் வேலைக்கு இறங்கும். 14இல் டம்பெல்லைக் கீழே வைத்தால் அவற்றுக்கு அழைப்பே போகவில்லை என்று அர்த்தம்.

புரதம் உருவாவது ஒன்று, தசை உண்மையில் வளர்வது ஒன்று. எனவே 2012இல் அதே குழு 18 இளைஞர்களை 10 வாரம், வாரம் மூன்று நாள், முழங்காலை நீட்டும் மெஷினில் உட்காரவைத்தது. இதில் ஒரு அழகான ஏற்பாடு: ஒரே ஆளின் இரண்டு காலுக்கும் இரண்டு வேறு பயிற்சி. சாப்பாடு, தூக்கம், பரம்பரை எல்லாமே இரண்டு காலுக்கும் பொது. வித்தியாசம் வந்தால் பயிற்சியால்தான். 80 எடையில் மூன்று செட், 30 எடையில் மூன்று செட், 80 எடையில் ஒரே செட் என்று மூன்று வகை. எல்லாமே இனி முடியாது என்னும் வரை. எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடை முன்தசையின் கன அளவைப் பார்த்தால், 80 எடை மூன்று செட்டுக்கு 7.2 சதவீதமும், 30 எடை மூன்று செட்டுக்கு 6.8 சதவீதமும் கூடியிருந்தது. ஒரே செட் செய்ததற்கு 3.2. வலிமை மட்டும் கன எடைப் பக்கமே அதிகம் ஏறியது; டிலோர்ம் சொன்ன அளவுக்கு டிலோர்ம் சரி. தசை வளர்ச்சியில் லேசும் கனமும் ஏறக்குறைய சமம். பயிற்சியில் ஊறிய ஆட்களை வைத்து 2015இலும் 2016இலும் வேறு ஆய்வுகள் செய்தபோதும் இதே முடிவுதான். இதற்கு ஒரு கீழ் எல்லையும் உண்டு: 2018இல் பிரேசிலில் 20 எடையை வைத்துப் பார்த்தபோது வளர்ச்சி குறைந்துபோனது.

ஆக, மாஸ்டரின் கூற்று ஏன் இத்தனை ஆண்டாகச் சாகவில்லை என்பதும் தெரிகிறது. 40 முறை செய்ய முடிகிறவர் 15இல் நிறுத்தினால் தசை வளராதுதான். மாஸ்டர் சொன்னது பலித்ததுபோல இருக்கும். வளர்ச்சியைத் தடுத்தது லேசான எடை என்று நினைப்போம். தடுத்தது பாதியில் நிறுத்தியது. சைஸ் ஏறாத அந்தப் பயிற்சியில் இறுக்கமும் வராது, ஏனென்றால் இறுக்கம் என்று கண்ணுக்குத் தெரிவது வளர்ந்த தசையும் அதன்மேல் மெலிந்த கொழுப்பும்தான். மூன்றாவதாக ஒன்று தோலுக்கடியில் இல்லை.

சந்தையில் ஆடு வாங்குகிறவர் ரோமத்தின் பளபளப்பைப் பார்த்து விலை பேசமாட்டார். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை அழுத்தி, கறி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தடவிப் பார்ப்பார். நம் தொடைக்கும் கைக்கும் அந்தக் கணக்கே.

இரண்டாவது வாக்குறுதியான கொழுப்பை எடுத்துக்கொண்டால், அதற்கும் நேரான சோதனை நடந்திருக்கிறது. 2013இல் வெளிவந்த ஆய்வு, ஆண் பெண் இருபாலருமாக 11 பேர். ஒரே ஒரு காலுக்கு மட்டும், உச்ச எடையில் 10 முதல் 30 சதவீதம் வரையிலான லேசான எடையில், ஒரு நாளுக்கு 960 முதல் 1,200 முறை. வாரம் மூன்று நாள், 12 வாரம். இதைவிட விசுவாசமாக யாரும் ‘லேசான எடை, அதிக எண்ணிக்கை’யைப் பின்பற்ற முடியாது. முடிவில் உடலின் மொத்தக் கொழுப்பு குறைந்திருந்தது. ஆனால் குறைந்தது கையிலும் உடம்பிலும். பயிற்சி செய்த காலில் குறிப்பிடும்படி ஒன்றும் குறையவில்லை. கொழுப்பு ரத்தம் வழியாக எங்கிருந்தும் எரிபொருளாக வரும். எரிகிற இடத்துக்கு மேலே இருப்பதுதான் முதலில் வர வேண்டும் என்று அதற்குக் கட்டாயமில்லை.

பெருத்துவிடுவோம் என்ற பயத்துக்கு டேப்பை வைத்தே பதில் சொல்லலாம். ஒரு பெண்ணின் தொடைச் சுற்றளவு 55 செ.மீ. என்போம். குறுக்கே வெட்டினால் பரப்பு சுமார் 240 சதுர செ.மீ. அதில் முன்தசை 55 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த இளைஞர்களுக்கு வந்த 7 சதவீதம் அப்படியே இவருக்கும் வந்தாலும், கூடுவது 4 சதுர செ.மீ. சுற்றளவு 55.4 ஆகும். பத்து வாரம் முடியாத வரை உழைத்ததற்கு வருவது 4 மி.மீ.; டேப்பைச் சற்று இறுக்கிப் பிடித்தாலே காணாமல் போகும் அளவு. மாறாக, தொடையைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலம் 2 மி.மீ. மெலிந்தால் சுற்றளவு ஒண்ணேகால் செ.மீ. குறையும். பேன்ட் தளர்வாகத் தெரிவது இதனால்தான். அதை முடிவு செய்வது பெரும்பாலும் சாப்பாடு. கம்பெனி கேன்டீனில் வாங்கும் இரண்டாவது தட்டு சாதமும், இரவு ஷிப்டில் தூக்கம் விரட்டக் குடிக்கும் சர்க்கரை டீயும் அந்தக் கணக்கில் டம்பெல்லைவிடப் பெரியவை.

பெண்களுக்கு வேறு விதி இருக்கலாமே என்று கேட்கலாம். சதவீதக் கணக்கில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளர்கிறார்கள். ஆனால் பெண் தொடங்குவது குறைந்த தசையிலிருந்து. அதனால் கூடுவதும் குறைவே. மேடைப் போட்டிக்கு வரும் பெண்களின் உடம்பு பல வருட உழைப்பாலும், அளந்து சாப்பிட்டதாலும், பல நேரம் ஹார்மோன் ஊசியாலும் வந்தது. அஞ்சு கிலோ டம்பெல்லைத் தவறுதலாகத் தொட்டதால் வந்ததில்லை.

ரெண்டு கிலோ டம்பெல்லைத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. அது உங்களுக்குப் போதுமா என்று ஒரே ஒரு செட்டில் தெரிந்துவிடும். எண்ணிக்கையை மாஸ்டரிடம் விடாதீர்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி, ஆட்டம் போடாமல், மேலே போக ஒரு விநாடி, கீழே வர இரண்டு விநாடி என்று தூக்குங்கள். எரிச்சல் வரும், அதை அடையாளமாகக் கொள்ள வேண்டாம், அது சீக்கிரமே வந்துவிடும். நீங்கள் வேகமாகத் தூக்க நினைத்தும் கை தானாக மெதுவாவதுதான் அடையாளம். அந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டோ மூன்றோ முறைதான் பாக்கி. அது 30க்குள் வந்தால் இந்த எடை உங்களுக்கு வேலை செய்கிறது. 40, 50 என்று போய்க்கொண்டே இருந்தால் இது உங்களுக்கு மிக லேசு. மூன்று கிலோவோ நாலு கிலோவோ எடுங்கள். உடம்பை முதுகு வளைத்து ஆட்டித்தான் மேலே கொண்டுபோக முடிகிறது என்றால் கனம் அதிகம், இறங்குங்கள். முழங்கால் வலி, மூட்டு வலி உள்ளவர்கள் லேசான எடையிலேயே நின்று முறையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆய்வு சொல்வது அவர்களுக்கும் நல்ல செய்தி.

ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 30 முறை வரை இழுக்கும் மூன்று செட்டைவிட, 10 முறையில் முடியும் மூன்று செட் பாதி நேரத்தில் முடிந்துவிடும், வலிமையும் கூடுதலாகத் தரும். எனவே மூட்டு ஒத்துழைத்தால் கனமானதையே எடுங்கள். மாஸ்டர் தடுத்தால், 15 முறை முடிந்ததும் டம்பெல்லைக் கீழே வைக்காமல் அவர் கண்ணெதிரே தொடர்ந்து எண்ணிக் காட்டுங்கள்.